வினிகர், சமையல் சோடா, ஒரு பலூன்: பிள்ளைகளோடு ரீல் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கிறோம். எங்கள் அடுக்குமாடியில் பிள்ளைகளோடு சின்னச் சின்ன அறிவியல் ரீல் எடுத்துப் போடுகிறேன், வேதியியல் பாடம் எடுப்பதும் என் வேலைதான். பலூன் ரீலைப் பார்த்துவிட்டு நம்ம ஊர்க்காரர்களும் பக்கத்து ஏரியாத் தமிழர்களும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஸ்கிரிப்ட், கேப்ஷன், பாதுகாப்புக் குறிப்பு எல்லாமே கீழே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எல்லாரும் எரிமலைதானே செய்றாங்க, நீங்க ஏன் பலூனைப் பிடிச்சுக்கிட்டீங்க?

எரிமலையில் நுரை பொங்கி வழிகிறது, பிள்ளை கை தட்டுகிறது, அதோடு முடிந்தது. உள்ளே உண்டான வாயு கண்ணுக்குப் படாமல் காற்றில் போய்விடுகிறது. பலூன் அந்த வாயுவைப் பிடித்து வைத்துக் காட்டுகிறது. எவ்வளவு வந்தது, எப்போது நின்றது, காற்றைவிட அது கனமா என்று பிள்ளை தானே பார்க்கலாம். இன்னொன்று, நிஜ எரிமலையில் அமிலமும் சோடாவும் சேர்ந்து பொங்குவதில்லை. பாறைக் குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும் மேலே வரும்போது பிரிந்து தள்ளுகின்றன. களிமண் மலை செய்து "எரிமலை இப்படித்தான் வெடிக்கும்" என்று சொன்னால் தப்பான விஷயம் பிள்ளை மனதில் பதிந்துவிடும். மலை செய்ய ஆசையாக இருந்தால் செய்யுங்கள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

அளவு என்ன? கண்ணளவா போட்டா ஆகாதா?

அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, பிளாஸ்டிக்தான், கண்ணாடி வேண்டாம். அதில் 100 மி.லி. வினிகர். பலூனுக்குள் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அதாவது 5 கிராம் சுமார். இவ்வளவுதான்.

கண்ணளவு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 5 கிராம் சோடா முழுதாக வினை புரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். அதில் கொஞ்சம் அந்தத் திரவத்திலேயே கரைந்து நின்றுவிடும், மிச்சம் பலூனுக்குப் போகும். பலூன் ஒரு சாண் அகலத்தைத் தாண்டாது. சாதாரணப் பிறந்தநாள் பலூன் இதைப்போல் பல மடங்கு தாங்கும், எனவே வெடிக்கும் பயம் இல்லை. அளவு தெரிந்தால் முடிவும் முன்கூட்டியே தெரியும், பிள்ளைகளோடு செய்வதற்கு அதுதான் நல்லது.

பெங்களூருக்கே உரிய ஒரு விஷயம் சொல்கிறேன், பெரிய பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நாம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம், இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே ஒரு ஸ்பூன் சோடாவில் வரும் வாயு இங்கே கொஞ்சம் கூடுதல் இடத்தை அடைக்கும். சென்னையில் இருக்கும் அத்தை பிள்ளையும் அதே நேரத்தில் செய்து வீடியோ காலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா என்றால், அகலத்தில் மூன்று நான்கு சதவீதம்தான் வரும், நூல் சுற்றி அளந்தால் ஒருவேளை பிடிபடலாம்.

ரெண்டு ஸ்பூன் சோடா போட்டா பலூன் ரெண்டு மடங்கு ஆகுமா? என் பையன் விடமாட்டேங்கிறான்.

ஆகாது. அதை அவனே கண்டுபிடிக்கட்டும், ரீலின் இரண்டாம் பாகத்துக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

கணக்கு இப்படி. 4 சதவீத வினிகர் 100 மி.லி. எடுத்தால் அதில் அசிட்டிக் அமிலம் 4 கிராம் இருக்கும். அந்த 4 கிராம் அமிலம் ஐந்தரை கிராம் சோடாவோடு சேர்ந்து தீர்ந்துவிடும். முதல் ஸ்பூனே ஏறக்குறைய அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. இரண்டாவது ஸ்பூனில் பெரும்பகுதி சேர ஆளில்லாமல் பாட்டிலிலேயே மிஞ்சிவிடும், பெரும்பாலும் திரவத்தில் கரைந்தே இருக்கும். பலூன் கொஞ்சூண்டு பெரிதாகும், அவ்வளவே. நுரை நின்ற பாட்டிலைக் கிட்டக் காட்டி "இதில் சோடா மிச்சம் இருக்கா?" என்று கேளுங்கள், அப்புறம் பெரியவர் பலூனைக் கழற்றிவிட்டு, திறந்த பாட்டிலில் ஒரு மூடி வினிகர் ஊற்றினால் அது மறுபடி நுரைக்கும். அமிலம்தான் தீர்ந்துபோயிருந்தது என்பது பிள்ளைக்கு அந்த நிமிடமே புரியும்.

சமன்பாடு வேண்டும் என்பவர்களுக்கு:

NaHCO3 + CH3COOH → CH3COONa + H2O + CO2

கடையில என்ன பேர் சொல்லி வாங்கணும்? சோடாவுலயே நாலு வகை இருக்கே.

வீட்டில் ஆப்ப சோடா என்போமே, அதுதான். கன்னடக் கடையில் "அடுகெ சோடா" என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பொட்டலமாக வாங்காமல் பெயர் அச்சடித்த பாக்கெட்டாக வாங்குங்கள். வெள்ளைப் பொடி எல்லாமே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் துணி துவைக்கும் வாஷிங் சோடா கண்ணிலும் தோலிலும் கடுமையாக எரியும், காஸ்டிக் சோடா தோலையே புண்ணாக்கிவிடும். பேக்கிங் பவுடர் ஆபத்தில்லை, ஆனால் அதில் ஏற்கெனவே ஒரு காய்ந்த அமிலமும் மாவும் கலந்திருக்கும், அதனால் வாயு குறைவாக வரும், வெறும் தண்ணீர் பட்டாலே நுரைக்கும், நம் கணக்கும் குழம்பிப்போகும்.

வினிகர், மளிகைக் கடையில் சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகர். லேபிளில் அமிலம் 4 அல்லது 5 சதவீதம் என்று இருக்கும். தரை துடைக்க விற்கும் செறிந்த வினிகரோ கெமிக்கல் கடை அசிட்டிக் அமிலமோ வீட்டுக்குள் வரவே கூடாது. "தண்ணி கலந்துக்கலாமே" என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், அந்த பாட்டிலைத் திறக்கும்போதே கண்ணும் மூக்கும் பதம் பார்க்கப்படும்.

ஸ்கிரிப்டை அப்படியே குடுங்களேன், நான் எழுத உக்காந்தா ரெண்டு நிமிஷத்துக்கு இழுக்குது.

50 வினாடிக்குள் முடியும் ஒன்று. பேசுவது எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, கூட அம்மா. அப்பாவோ தாத்தாவோ இருந்தால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் 3 வினாடி: பாட்டில் வாயில் மாட்டிய பலூன் எழுந்து பருக்கிறது, கிட்டத்துக் காட்சி.
பிள்ளை: "வாயால ஊதல, பம்பும் இல்ல. பலூன் எப்படி பெருசாகுது?"

3 முதல் 10 வரை: பிள்ளை கண்ணாடி மாட்டிக்கொள்கிறது. பாட்டில் மூடியைக் கழற்றி அம்மா கையில் கொடுக்கிறது, அம்மா அதை வாங்கி அப்பால் வைக்கிறார்.
பிள்ளை: "கண்ணாடி போட்டாச்சு. அம்மா பக்கத்துல இருக்காங்க. மூடி அவங்க கிட்ட போயிடுச்சு, இதுக்கு மூடியே கிடையாது."

10 முதல் 19 வரை: அளவுக் குவளையிலிருந்து வினிகர், பிறகு காகிதப் புனல் வழியாகப் பலூனுக்குள் சோடா.
பிள்ளை: "பாட்டில்ல நூறு மில்லி வினிகர். பலூனுக்குள்ள ஒரே ஒரு டீஸ்பூன் சமையல் சோடா."

19 முதல் 24 வரை: பலூன் வாயைப் பாட்டிலில் மாட்டிப் பலூனைப் பக்கவாட்டில் தொங்கவிடுகிறது.
பிள்ளை: "இப்ப ஒண்ணும் ஆகாது. ரெண்டும் இன்னும் சேரவே இல்லையே."

24 முதல் 33 வரை: அம்மா பாட்டில் கழுத்தைப் பிடிக்க, பிள்ளை பலூனைத் தூக்குகிறது. யாரும் பேச வேண்டாம், புஸ்ஸென்ற சத்தம் மட்டும்.

33 முதல் 40 வரை: பிள்ளை பாட்டில் அடியைத் தொடுகிறது.
பிள்ளை: "ஜில்லுனு இருக்கு! சோடாவும் வினிகரும் சேர்ந்ததுல கார்பன் டை ஆக்சைடு வந்துச்சு. அதுதான் பலூனை ஊதுது."

40 முதல் 48 வரை: அம்மா முடிச்சுப் போட்ட அந்தப் பலூனும், அதே அளவுக்குக் காற்றடித்த பலூனும் ஒரே உயரத்திலிருந்து விடப்படுகின்றன.
பிள்ளை: "எது முதல்ல தரையைத் தொடுது பாருங்க. வீட்ல பெரியவங்க கூட இருந்தா மட்டும் செய்யுங்க, பாட்டிலை மூடவே மூடாதீங்க."

கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பலூன் மேலே பறக்கும் என்று எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்டுகளை நிறையப் பார்க்கிறேன். பறக்காது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், அதனால்தான் முதலில் விழுகிறது. ஜில்லிப்பும் நடிப்பில்லை, இந்த வினை வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், திரவம் மூன்று நான்கு டிகிரி குளிரும்.

மூடியை அம்மா கிட்ட குடுக்கிற சீன் தேவையா? ஏழு வினாடி வீணாகுதே.

அந்த ஏழு வினாடிக்காகத்தான் மற்றதையெல்லாம் சுருக்கியிருக்கிறேன், தயவுசெய்து அதை வெட்டாதீர்கள்.

பிள்ளைகள் கேப்ஷன் படித்துச் செய்வதில்லை, பார்த்ததைச் செய்வார்கள். பாட்டிலும் நுரையும் பார்த்த பிள்ளைக்கு அடுத்து வரும் யோசனை "மூடிட்டுக் குலுக்கினா என்ன ஆகும்" என்பதுதான். என்ன ஆகும் என்றால், ஒன்றரை லிட்டருக்கு ஊத வேண்டிய வாயு பாட்டிலில் மிச்சமிருக்கும் 400 மி.லி. இடத்துக்குள் அடைபடும். உள்ளழுத்தம் கார் டயரில் அடிப்பதையும் தாண்டிவிடும், அதுவும் ஒரே ஸ்பூனுக்கு. மெல்லிய தண்ணீர் பாட்டில் கிழியலாம், கண்ணாடி என்றால் சில்லாகத் தெறிக்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று குனிந்து மூடியைத் திருகினால் அது நேரே முகத்துக்கு வரும். இதில் கண் போகும் அபாயம் உண்டு, மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பலூன் அப்படியில்லை. அழுத்தம் கூடினால் அது விரியும், இல்லாவிட்டால் வழுக்கிக் கழன்றுபோகும், மேஜை நனையும். அதனால் மூடி பெரியவர் கைக்குப் போவது காட்சியில் இருந்தே ஆக வேண்டும்.

பாதுகாப்புக் குறிப்பை கேப்ஷன் கடைசியில போட்டாப் போதாதா?

கேப்ஷனில் ஒரு வரிதான் கண்ணில் படும், மிச்சம் தட்டினால்தான் விரியும். அதனால் முதல் வரியே பாதுகாப்பாக இருக்கட்டும். வீடியோவிலும் "பெரியவர் உடன் இருக்க வேண்டும், மூடி போடக்கூடாது" என்ற எழுத்து 3வது வினாடியிலிருந்து கடைசி வரை நிற்கட்டும். அதைத் திரையின் மேல் பாதியில் வையுங்கள், கீழேயும் வலப்பக்கமும் பொத்தான்கள் வந்து மறைத்துவிடும். சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்கு அந்த எழுத்து மட்டும்தான் துணை.

கேப்ஷன் எழுதிக் குடுத்திருங்க, அப்படியே ஒட்டிக்கிறேன்.

இதோ:

"பெரியவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள், பாட்டிலை ஒருபோதும் மூடாதீர்கள்.
ஊதாமலே பலூன் பருத்தது எப்படி? அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 100 மி.லி. சமையல் வினிகர், பலூனுக்குள் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும்.
கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். முகத்தைப் பாட்டில் மேல் நீட்டாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள், எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். குடிக்கவோ ருசிக்கவோ வேண்டாம். வேறு எந்தத் திரவத்தையும் சேர்க்காதீர்கள். பலூனையும் கிழிந்த துண்டுகளையும் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள்.
உங்களுக்கு ஒரு கேள்வி: வினிகரை மாற்றாமல் சோடாவை மட்டும் இரண்டு ஸ்பூன் ஆக்கினால் பலூன் இரண்டு மடங்கு ஆகுமா?
#வீட்டுஅறிவியல் #தமிழ்ரீல்ஸ் #பெங்களூர்தமிழ்"

"வெடிக்குது", "பாம்" போன்ற சொற்களைத் தலைப்பில் போட வேண்டாம். பார்வை கூடும்தான், ஆனால் வெடிக்க வைக்க வேண்டும் என்ற ஆசையோடு வரும் பிள்ளைகளும் கூடுவார்கள்.

கண்ணாடின்னா லேப் கண்ணாடியே வாங்கணுமா? அப்புறம் கண்ணுல பட்டுட்டா?

நீச்சல் கண்ணாடி இருந்தால் போதும், தெறிப்புக்கு அது நன்றாகவே தாங்கும். வெயில் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருக்கும், அது உதவாது.

நம்ம ஊரில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், அந்த நேரம் பார்த்துக் குழாயில் காற்று வந்தால் என்ன செய்வீர்கள்? டேங்கர் எப்போது வரும் என்று காத்திருக்கும் அடுக்குமாடிகளில் இது நடக்கக்கூடியதுதான். ஆரம்பிக்கும் முன் ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் ஒரு குவளையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பட்டுவிட்டால் பிள்ளை கண்ணைத் தேய்க்கும், கையைப் பிடித்துக்கொண்டு இமையை விரித்து, மூக்குப் பக்கமிருந்து காது பக்கமாகத் தண்ணீர் வழியும்படி மெதுவாக ஊற்றுங்கள். வலியோ சிவப்போ மங்கலோ இருந்தால் கண் மருத்துவர். பாலோ வேறு எதுவுமோ விட வேண்டாம்.

செஞ்சு பாத்தேன், பலூன் எழவே இல்ல. என்ன தப்பு?

நுரை நன்றாக வந்தும் பலூன் தொங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. பாட்டில் வாயில் திருகு முழுவதையும் மூடும் அளவுக்குப் பலூன் வாயை இழுத்து மாட்டி, கழுத்தை இரண்டு விரலால் பிடியுங்கள். புதுப் பலூன் விறைப்பாக இருக்கும், பெரியவர் முன்னாலேயே பம்பால் ஒருமுறை ஊதி விட்டுவிட்டால் இளகும்.

நுரையே சரியாக வராவிட்டால் சோடா பலூன் கழுத்தில் சிக்கியிருக்கும். மழைக்காலத்தில் இது சகஜம், ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். கட்டியை உடைத்து, உலர்ந்த பலூனில், உலர்ந்த புனலில் போடுங்கள். தூக்கிய பிறகு பலூனை மெல்லத் தட்டினால் மிச்சமும் இறங்கும்.

நுரையே பலூனுக்குள் ஏறிவிட்டது என்றால் பாட்டில் சின்னது, அல்லது வினிகர் அதிகம். ஊதிய பலூன் மறுநாள் சுருங்கிக் கிடந்தால் அது கோளாறில்லை. கார்பன் டை ஆக்சைடு ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாக வெளியேறும், காற்றுப் பலூனோடு பக்கத்தில் கட்டி வைத்துப் பாருங்கள்.

என் பொண்ணுக்கு அஞ்சு வயசு, அவளே செய்யட்டுமா?

வினிகர் ஊற்றுவது, ஸ்பூனால் சோடாவை அளப்பது, பாட்டிலைத் தொட்டு ஜில்லிப்பைச் சொல்வது, இவை அவளுடையவை. பலூனைக் கையாள்வது முழுக்க உங்களுடையது. எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு ஊதாத பலூனும் கிழிந்த துண்டும் தொண்டையில் அடைத்து மூச்சை நிறுத்திவிடலாம், வினிகரைவிட எனக்கு அதுதான் பெரிய பயம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ள வீட்டில் பலூனே வேண்டாம், அகலக் கிண்ணத்தில் நுரையைக் காட்டினால் போதும்.

பிள்ளை பேர்லயே அக்கவுண்ட் தொடங்கலாமா?

இன்ஸ்டாகிராமில் 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் கணக்கை நீங்கள் நடத்த வேண்டும், பெற்றோர் நடத்துகிறோம் என்று அறிமுக வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். பள்ளிச் சீருடை, வீட்டு எண், பால்கனியிலிருந்து தெரியும் அடுக்குமாடிப் பெயர்ப்பலகை, இதெல்லாம் காட்சியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் வேண்டாம் என்று நினைத்தால் இந்த ஸ்கிரிப்டைக் கைகளை மட்டும் காட்டியே எடுக்கலாம், குரல் போதும். அப்போதும் படம்பிடிக்கும்போது கண்ணாடி மாட்டியிருக்க வேண்டும்.

முடிஞ்சதும் அந்தத் தண்ணியை எங்க கொட்டுறது? தரையில கறை ஆகுமா?

மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர், கூட மிச்சமிருக்கும் கொஞ்சம் சோடாவோ வினிகரோ. தண்ணீர் விட்டுச் சிங்க்கில் ஊற்றிவிடலாம். மார்பிள் தரையிலோ மேடையிலோ வினிகர் சிந்தினால் பளபளப்பு போய் மங்கலான தடம் விழும், அதைத் தேய்த்துப் போக்க முடியாது. அகலத் தட்டு ஒன்றின் மேல் வைத்தே செய்யுங்கள்.

கழுவும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பிளீச்சோ பாத்ரூம் கழுவும் திரவமோ அந்தச் சிங்க்கில் அன்றைக்கு வேண்டாம். வினிகரும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது மூச்சுக்குழாயை எரித்துவிடும். ரீல் எடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் அந்த பாட்டில்கள் இருந்தால் முன்னாலேயே அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், ஏனென்றால் "இதையும் ஊத்திப் பாக்கலாமா" என்று கேட்கும் பிள்ளை, நீங்கள் ட்ரைபாடைச் சரிசெய்து திரும்புவதற்குள் ஊற்றிவிடும்.